பற்றி எரிந்த கடையும் 1733ஆம் விதியும்

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். அதனால் 'கோது சிவில்' என்று புதுச்சேரியில் நாங்கள் சொல்லும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் சில விதிகள் மனப்பாடச் செய்யுள் போல இன்னும் நாக்கில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று 1733ஆம் விதி. வாடகைக்கு எடுத்த இடம் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பதைச் சொல்லும் விதி அது. பின்னாளில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, பழைய குடிக்கூலிப் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் வேலை வந்தால் இந்த விதியைத்தான் நினைத்துக்கொள்வேன். சமீபத்தில் கடைத்தெருவில் ஒரு தீ விபத்து நடந்தது. அதைப் பற்றிப் பேச வந்த இரண்டு பேர் இரண்டு விதமாகச் சட்டம் சொன்னார்கள். அதனால் இந்த விதியின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விதி சொல்வது இதுதான். வாடகைக்கு எடுத்த இடத்தில் தீ ஏற்பட்டால் வாடகைதாரரே பொறுப்பு. அவர் தப்பிக்க வேண்டுமானால் சில காரணங்களில் ஒன்றை அவரே நிரூபிக்க வேண்டும். எதிர்பாராத நிகழ்ச்சியால் அல்லது தடுக்க முடியாத சக்தியால் தீ வந்தது. அல்லது கட்டடத்தின் கட்டுமானக் குறையால் வந்தது. அல்லது பக்கத்து வீட்டிலிருந்து பரவியது. இவற்றில் எதையும் காட்ட முடியாவிட்டால் கட்டடத்தின் நஷ்டம் அவர் தலையில்.

மேலோட்டமாகப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. அதன் கூர்மை எங்கே இருக்கிறது என்றால், காரணம் தெரியாத தீயில். தீ எல்லாவற்றையும் சாம்பலாக்கும்போது தன் காரணத்தையும் சேர்த்தே சாம்பலாக்கிவிடும். நள்ளிரவில் பூட்டிய கடை எரிகிறது. விளக்கா, எலியா, மின்கம்பியா, எவனாவது எறிந்த பீடியா என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கமான சட்டப்படி, 'உன் தவறு' என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1733ஆம் விதியோ இதைத் தலைகீழாக்குகிறது. காரணம் தெரியாவிட்டால் வாடகைதாரர் தோற்றார். 'நான் கவனமாகத்தான் இருந்தேன், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பூட்டினேன்' என்று சாட்சி கொண்டுவந்தாலும் போதாது. தன்னிடம் தவறில்லை என்று காட்டுவது வேறு, தீ இன்ன வெளிக்காரணத்தால் வந்தது என்று காட்டுவது வேறு. விதி கேட்பது இரண்டாவதை.

இந்தக் கடுமைக்கு வேர் ரோமாபுரியில் இருக்கிறது. இரவுக் காவல் படைத் தலைவரின் கடமைகளை விவரிக்கும் இடத்தில் பாவுலுஸ் என்ற ரோமானிய சட்ட அறிஞர், தீ பெரும்பாலும் குடியிருப்பவர்களின் அலட்சியத்தால்தான் மூளுகிறது என்ற பொருளில் எழுதிவைத்தார். காவல் படைத் தலைவர் அலட்சியக்காரர்களைத் தண்டிக்கலாம் என்பதற்காகச் சொன்ன வாக்கியம் அது. வாடகை ஒப்பந்தத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் நூற்றாண்டுகள் கழித்து பிரெஞ்சு வழக்கறிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1804இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு வந்தபோது அது 1733ஆம் விதியாக உறைந்துவிட்டது. சொந்தக்காரருக்குச் சாதகமான நியாயம் ஒன்றும் உண்டு: சாவி வாடகைதாரர் கையில், அடுப்பும் விளக்கும் அவர் கையில், வெளியே இருக்கும் சொந்தக்காரர் எதை வைத்து நிரூபிப்பார்? இந்தக் கேள்வியை நானும் ஒதுக்கமாட்டேன். ஆனால் கவனமாக இருந்தவனையும் இல்லாதவனையும் ஒரே தட்டில் வைக்கும் விதி கொஞ்சம் கொடுமையானதுதான்.

அடுத்த விதி, 1734, இன்னும் கொடுமையாக இருந்தது. ஒரே கட்டடத்தில் பல வாடகைதாரர்கள் இருந்தால், ஒவ்வொருவரும் முழு நஷ்டத்துக்கும் பொறுப்பு என்றது 1804இன் வாசகம். கீழே பெரிய மளிகைக்கடை, மேலே ஒரு தையற்காரர், கொல்லைப் பக்கம் ஒரு சிறிய கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை முறையே 600, 300, 100 பிராங்க். கட்டடம் எரிந்து 20,000 பிராங்க் நஷ்டம். தீ எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. சொந்தக்காரர் மூவரில் கையில் காசுள்ளவரைப் பிடித்து முழு 20,000த்தையும் கேட்கலாம். 100 பிராங்க் வாடகை கொடுத்த கிடங்குக்காரரே அந்த ஆளாகவும் இருக்கலாம்.

1883ஆம் ஆண்டு ஜனவரியில் பிரான்சில் இதைத் திருத்தினார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் தாம் இருக்கும் பகுதியின் வாடகை மதிப்புக்கு ஏற்ற பங்குக்கு மட்டும் பொறுப்பு. நம் கணக்கில் மளிகைக்கடைக்கு 12,000, தையற்காரருக்கு 6,000, கிடங்குக்காரருக்கு 2,000. தீ மளிகைக்கடையில்தான் கிளம்பியது என்று நிரூபணமானால் மளிகைக்காரர் ஒருவரே முழுவதையும் கொடுக்க வேண்டும். மற்ற இருவரும் விடுபடுவார்கள். தன் பகுதியில் தீ ஆரம்பித்திருக்க முடியாது என்று ஒருவர் காட்டினாலும் அவர் விடுபடுவார். கட்டடத்தின் ஒரு பகுதியில் சொந்தக்காரரே குடியிருந்தால் நீதிமன்றங்கள் ஒரு நல்ல வேலை செய்தன: 'உம் பகுதியில் தீ மூளவில்லை என்று முதலில் நீர் காட்டும், அப்புறம் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு வாரும்' என்றன.

எதையெல்லாம் நிரூபித்தால் தப்பலாம் என்பதிலும் நீதிமன்றங்கள் சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. யாரோ வேண்டுமென்றே தீ வைத்தார்கள் என்பதே போதாது. கடைக்காரர் பின்கதவைத் திறந்துபோட்டிருந்தால், தீ வைத்தவன் உள்ளே வர அவரே வழிவிட்டவர் ஆகிறார். மின்கம்பியால் வந்த தீயில், அந்தக் கம்பி கட்டடத்தோடு வந்ததா, கடைக்காரர் பின்னால் இழுத்துக்கொண்டதா என்ற கேள்வி வரும். முன்னது கட்டுமானக் குறைப் பக்கம் சாயும், பின்னது கடைக்காரர் பக்கம். வேலையாளும் உள்வாடகைக்காரரும் செய்த தவறுகளும் வாடகைதாரர் கணக்கில்தான் சேரும் என்று 1735ஆம் விதி சொல்லிவிட்டது.

இந்தச் சட்டத்தின் நிழலில்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'ரீஸ்க் லொக்காத்தீஃப்' என்று சொல்லும் காப்பீடு வளர்ந்தது. வாடகைதாரர் என்ற முறையில் ஒருவருக்கு வரும் ஆபத்து என்று பொருள். ஒரு பிரெஞ்சுக் கடைக்காரரின் தீ இன்சூரன்சைப் பிரித்துப் பார்த்தால் மூன்று தனித்தனித் தொகைகள் இருக்கும். ஒன்று, அவருடைய சொந்தச் சரக்கும் தட்டுமுட்டுச் சாமான்களும். இரண்டாவது, கட்டடத்துக்காகச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டி வரும் பணம்; இதுதான் ரீஸ்க் லொக்காத்தீஃப். மூன்றாவது, தீ பரவி அக்கம்பக்கத்தார் கேட்கும் நஷ்டஈடு. முதலாவது பொருளுக்கான காப்பீடு. மற்ற இரண்டும் பொறுப்புக்கான காப்பீடு. சரக்குக்கு மட்டும் எடுத்தவர் கட்டடத்துக்கு வெறுங்கையோடுதான் நிற்பார்.

அக்கம்பக்கத்தார் விஷயத்தில் ஒரு சுவையான திருப்பம் நடந்தது. போர்தோ நகரின் ரயில்வே சரக்கு நிலையத்தில் வைத்திருந்த பிசின் பீப்பாய்கள் தீப்பற்றி நஷ்டம் உண்டானது. 1920 நவம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம், பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. இப்படிப் போனால் ஒவ்வொரு தீயும் தெரு முழுவதற்குமான வழக்காகிவிடுமே என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கலங்கிப்போயின. 1922 நவம்பரில் சட்டம் கொண்டுவந்து, தீ பரவி நஷ்டப்பட்ட மூன்றாம் ஆள், தீ வைத்திருந்தவரின் தவறை நிரூபித்தால்தான் பணம் பெறலாம் என்று மாற்றினார்கள். ஆனால் அதே சட்டத்தில், இந்தச் சலுகை சொந்தக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையே செல்லாது, அவர்களுக்கு 1733உம் 1734உம்தான் என்று தெளிவாக எழுதிவைத்தார்கள். விளைவைப் பாருங்கள். ஒரே தீயில், பக்கத்துக் கடைக்காரர் தவறை நிரூபிக்க வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் எதையும் நிரூபிக்க வேண்டாம். பிரான்சில் இன்றும் அப்படித்தான்.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்து எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். ஒரு கடைக்கட்டடம் முழுவதையும் ஒருவரே வாடகைக்கு எடுத்திருக்கிறார். கட்டடத்தின் மதிப்பு 20,000. பிரீமியம் மிச்சப்படட்டும் என்று ரீஸ்க் லொக்காத்தீஃபை 10,000க்கு எடுக்கிறார். தீயில் பாதிக்கும் குறைவாகத்தான் எரிந்தது, நஷ்டம் 8,000. பத்தாயிரத்துக்குள் இருப்பதால் முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பார். கிடைப்பது 4,000. மதிப்பில் பாதிக்குக் காப்பீடு செய்தால் ஒவ்வொரு நஷ்டத்திலும் பாதிதான் கொடுப்பார்கள். மீதி 4,000 கடைக்காரர் பையிலிருந்து.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதிலும் ஒரு காலத்தில் சண்டை இருந்தது. வாடகைதாரர் பொறுப்புக் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால் சொந்தக்காரர் கதி என்ன? 1889 பிப்ரவரியில் வந்த சட்டம் அதை அடைத்தது. அந்தப் பணம் சொந்தக்காரருக்கு உரியது. அவர் கணக்குத் தீராமல் வாடகைதாரர் அதைத் தொட முடியாது.

சொந்தக்காரர் தம் கட்டடத்துக்குத் தாமே காப்பீடு செய்திருந்தால் வாடகைதாரருக்கு நிம்மதி என்று பலரும் நினைக்கிறார்கள். அன்றும் நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். கம்பெனி சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்தவுடன் அவருடைய இடத்தில் தானே வந்து நிற்கும். அவருக்கு வாடகைதாரர் மீது என்ன உரிமை இருந்ததோ அதே உரிமையோடு வாடகைதாரரிடம் வசூலுக்கு வரும். 1930ஆம் ஆண்டு பிரெஞ்சுக் காப்பீட்டுச் சட்டம் இதை எழுத்திலேயே உறுதி செய்தது. சொந்தக்காரரோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளும் சிநேகம் இருக்கலாம். கம்பெனிக்கு அந்தச் சிநேகம் கிடையாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1819ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த ஆணையால் கோது சிவில் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. குடும்ப விஷயங்களில் அவரவர் வழக்கம் நின்றது. கொடுக்கல் வாங்கல் விஷயங்களில் கோது பேசியது. 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் மாறியது. ஆனால் விதிகள் அதே நாளில் மாறவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் புதுச்சேரிக்கும் வந்தது. தஞ்சாவூரிலும் கடலூரிலும் இருந்த அதே சட்டம்.

அந்தச் சட்டத்தின் 108ஆம் பிரிவுக்கு மனநிலையே வேறு. வாடகைதாரர் பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பயன்படுத்துவது போலப் பயன்படுத்த வேண்டும். பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் விலக்கு. தீயால் இடத்தின் முக்கியப் பகுதி அழிந்து அல்லது பயன்பாட்டுக்கு உதவாமல் போனால் வாடகைதாரர் விரும்பினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அந்தத் தீ அவருடைய தவறான செயலால் வந்ததென்றால் அந்த உரிமை இல்லை. 'தீ என்றால் நீதான்' என்ற வாக்கியம் எங்குமில்லை. பொதுவாக, அலட்சியம் என்று சொல்கிற சொந்தக்காரர்தான் அதைக் காட்ட வேண்டும். பூட்டிய கடைக்குள்ளேயே தீ கிளம்பியது, சாவி வாடகைதாரரிடம் மட்டுமே என்றால் நீதிபதி அவரிடம் விளக்கம் கேட்பார், அது வேறு. ஆனால் காரணம் தெரியாத தீயின் பாரம், ஒரு சட்டம் வந்ததால், வாடகைதாரர் தோளிலிருந்து பெரும்பாலும் இறங்கிவிட்டது.

இறங்கியதை நம் ஆட்களே மறுபடியும் ஏற்றிவைக்கிறார்கள், அதுவும் தெரியாமலேயே. 108ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் செல்லும். பத்திரம் எழுதுபவரிடம் இருக்கும் அச்சடித்த வாடகைப் பத்திரத்தில், எந்தக் காரணத்தால் சேதம் வந்தாலும் வாடகைதாரரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டவர் 1733ஆம் விதியைவிடக் கடுமையான ஒன்றைத் தம் கையாலேயே எழுதிக்கொடுத்தவர் ஆகிறார். பிரெஞ்சு விதியிலாவது பக்கத்து வீட்டுத் தீ, கட்டுமானக் குறை என்று தப்பிக்க வழிகள் இருந்தன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜவுளிக்கடை ஒன்று, சொந்தக்காரர் வேறொருவர். கடைக்காரரிடம் சரக்குக்கும் அலமாரிகளுக்கும் 10 லட்ச ரூபாய்க்குத் தீக்காப்பீடு இருக்கிறது. தீயில் சரக்கு 8 லட்சம் போயிற்று, கட்டடத்தைச் சரிசெய்ய 12 லட்சம் ஆகும். சரக்குக்கான மதிப்பைச் சரியாக எழுதியிருந்தால் சரக்கின் நஷ்டம் கிடைத்துவிடும். சொந்தக்காரர் தம் காப்பீட்டுக் கம்பெனியிடம் கட்டடத்துக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, உரிமையை மாற்றித் தரும் கடிதத்தில் கையெழுத்திடுகிறார். சில மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் கடைக்காரருக்கு வருகிறது. கடைக்காரர் தம் பாலிசியை எடுத்துப் பார்க்கிறார். 'கட்டடம்' என்ற சொல்லே அதில் இல்லை. சாதாரணத் தீக்காப்பீடு காப்பீடு செய்த பொருளுக்குத்தான். சொந்தக்காரருக்கு வரும் பொறுப்பு அதில் அடங்காது.

'மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்கிறேனே' என்று அவர் சொல்லலாம். அங்கேதான் இரண்டு குழிகள். இவ்வகைப் பாலிசிகளில் பெரும்பாலும், காப்பீடு செய்தவரின் கைவசமும் பாதுகாப்பிலும் இருக்கும் பிறர் சொத்துக்கு வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். வாடகைக்கு எடுத்த கடை என்பது அதுவேதானே. இன்னொன்று, ஒப்பந்தத்தின் மூலம் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அதாவது அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டப்படி வந்திராத பொறுப்பு, வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். ஆக, அந்த அச்சடித்த வரியால் வந்த கடன் எந்தக் காப்பீட்டிலும் ஒட்டாமல் தனியே நிற்கும்.

வழி இல்லாமல் இல்லை. வாடகைக்கு எடுத்த இடத்தின் தீச்சேதப் பொறுப்பு என்று தனியாகப் பெயர் சொல்லி, தனித் தொகையோடு பாலிசியில் சேர்த்துக் கேட்கலாம். தொகை ஒரு வருட வாடகையை வைத்து அல்ல, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவை வைத்து இருக்க வேண்டும். அல்லது சொந்தக்காரரின் கட்டடப் பாலிசியிலேயே வாடகைதாரர் பெயரையும் சேர்த்து, பிரீமியத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, வாடகைதாரர் மீது வசூலுக்கு வரமாட்டோம் என்று சொந்தக்காரரின் கம்பெனி பாலிசியில் எழுதித் தருவது. பிரான்சில் கடை வாடகைப் பத்திரங்களில் இது சகஜம். ஆனால் சொந்தக்காரர் மட்டும் 'விட்டுக்கொடுத்தேன்' என்று எழுதினால் போதாது, கம்பெனியும் ஒப்ப வேண்டும். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் சொந்தக்காரர் விட்டுக்கொடுத்தால், அவருடைய சொந்தக் கோரிக்கையிலேயே தகராறு வரும்.

தீ நடந்துவிட்ட பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். இரண்டைச் சொல்லலாம். சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்து மனமிளகி, 'நானே கட்டித் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பொறுப்புக் காப்பீடு கைவிட்டுவிடும். மற்றது, சர்வேயர் வந்து பார்க்கும் வரை எரிந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கக் கூடாது. மறுநாள் பத்திரிகை எதைத் திறந்தாலும் 'மின்கசிவு காரணம் எனத் தெரிகிறது' என்றுதான் இருக்கும். எந்தக் கம்பியில் கசிவு என்று அது சொல்லாது. மீட்டருக்கு முன்னால் உள்ள பழைய கம்பியா, கடைக்காரர் விளம்பரப் பலகைக்காக இழுத்த புதுக் கம்பியா என்பதை உருகிய செம்பின் நுனியும் சுவரில் கரி படிந்திருக்கும் விதமும்தான் காட்டும். அதைக் குப்பை வண்டியில் ஏற்றிய பின் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய வேறு ஒரு நாட்டாரும் இதே வழியில் யோசித்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பழைய சட்டத் தொகுப்பு, தீ விஷயத்தில் வாடகைதாரர்தான் தவறு செய்தார் என்று பாரிஸைப் போலவே அனுமானித்தது. 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பின் 1862ஆம் விதி, வாடகைக்கு விட்ட கட்டடத்தில் தீ என்றால், அவருடைய அல்லது அவர் உள்ளே விட்டவர்களின் தவறு என்று நிரூபித்தால்தான் வாடகைதாரர் பொறுப்பு என்று மாற்றிக்கொண்டது. பாரிஸ் மட்டும் 1804இன் வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக, 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருக்கும் வீட்டு வாடகைதாரர் ரீஸ்க் லொக்காத்தீஃப் காப்பீடு எடுத்தே தீர வேண்டும், ஆண்டுதோறும் சான்று காட்ட வேண்டும். கடைகளுக்குச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொந்தக்காரர்களே பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.